கேட்டரிங் கல்லூரியா, ரிசார்ட் கிச்சனா?

"செஃப் அண்ணாவுக்கு வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டேன், 71 சதவீதம். சமையல்தான் என் வேலை என்று முடிவு செய்துவிட்டேன். கோயம்புத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிகிரிக்கு வருடம் 1,35,000 ரூபாய், விடுதிக்கு 80,000 என்கிறார்கள். குன்னூரில் ஒரு ரிசார்ட்டில் ஒரு வருடம் கிச்சன் அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்கிறோம், மாதம் 8,000 தருகிறோம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், சீருடைக்கு மட்டும் 5,000 முன்பணம் கட்டு என்கிறார்கள். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. டிகிரி இல்லாவிட்டால் கடைசி வரை வெங்காயம் உரிக்க வேண்டியதுதான் என்று மாமா சொல்கிறார். எதில் சேரட்டும்?"
— ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புத் தங்கைக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு நிலைமைக்கு அந்தக் கோயம்புத்தூர் கல்லூரி வேண்டாம். ரிசார்ட்டுக்குப் போகலாம், ஆனால் அவர்கள் உங்களோடு போடுவது அரசில் பதிவான அப்ரண்டிஸ் ஒப்பந்தமாக இருந்தால் மட்டும். அப்படி இல்லையென்றால் அதுவும் வேண்டாம். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிகிரி என்பது சமையல் படிப்பு இல்லை. நிறையப் பிள்ளைகள் சேர்ந்த பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். அதில் நான்கு துறைகள் உண்டு: கிச்சன், சர்வீஸ், ஃப்ரன்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங். நான்கையும் சமமாகப் படிக்க வேண்டும். அறை வாடகைக் கணக்கும் படுக்கை விரிப்பும் சமையலுக்கு இணையான பாடங்கள்தான். நாளைக்கு ஒரு ஹோட்டலையே நிர்வகிக்க விரும்புகிறவருக்கு அது நல்ல படிப்பு. நீங்களோ சமையல்தான் என்று தீர்மானமாக எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துத்தான் நான் பேசுகிறேன்.

இப்போது பணக் கணக்கு. மூன்று வருடக் கட்டணம் 4,05,000. விடுதி 2,40,000. இரண்டும் சேர்த்து 6,45,000. கல்லூரிச் சிற்றேட்டில் எழுதாத செலவுகள் இதற்கு மேல்: நான்கு துறைக்கும் தனித்தனிச் சீருடை, கத்தி செட், ஷூ, அப்புறம் பயிற்சிக்காக வெளியூர் ஹோட்டலுக்குப் போகும் மாதங்களில் தங்கும் செலவு. ஏழு லட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கல்விக் கடன் வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஐந்து லட்சம் கடனை பத்தரை சதவீத வட்டியில் ஏழு வருடத்தில் அடைப்பதாக இருந்தால் மாதத் தவணை சுமார் 8,400. படிக்கிற காலத்து வட்டியும் முதலோடு சேர்ந்துவிட்டால் பத்தாயிரத்தைத் தொடும். படித்து முடித்த பெரும்பாலானவர்களுக்குக் கிச்சனில் முதல் வேலை கமிஸ் த்ரீ என்ற கடைசிப் படிதான். நான் பார்த்த வரையில் சென்னையிலும் பெங்களூரிலும் அதற்குக் கையில் கிடைப்பது பதினைந்திலிருந்து பதினெட்டாயிரம். அதில் பத்தாயிரத்தைத் தவணைக்குக் கொடுத்துவிட்டு வெளியூரில் ஒரு பெண் எப்படி இருப்பது? இந்த இடத்தில் மனம் தளர்ந்து, டிகிரியோடு ஹோட்டலை விட்டே போய்விட்டவர்களை எனக்குத் தெரியும்.

பச்சைத் தேயிலைக்கு மாதா மாதம் என்ன விலை வருகிறது என்பது உங்கள் அப்பாவுக்குத்தான் தெரியும். அந்த வருமானத்தை நம்பி இந்தக் கடனில் அவரை மாட்டிவிட வேண்டாம்.

சரி, கை பழகுவது எங்கே அதிகம்? இதை மணிக்கணக்கில் பார்க்கலாம். கல்லூரியில் வாரத்துக்கு இரண்டு கிச்சன் பிராக்டிகல், ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் என்று தாராளமாகவே வையுங்கள். வருடத்துக்கு முப்பது வாரம் வகுப்பு நடந்தால் 240 மணி நேரம். ஒரு செமஸ்டர் பயிற்சிக்குப் போய்விடுவதால் மூன்று வருடத்துக்கு 600 மணி நேரம். அதிலும் ஓர் அடுப்பைச் சுற்றி நான்கு பேர் நிற்பார்கள். ஒருவர் வதக்குவார், மற்றவர்கள் நோட்டில் எழுதுவார்கள். ஹோட்டல் பயிற்சி ஏறக்குறைய 17 வாரம், அதையும் நான்கு துறைக்குப் பங்கு போட்டால் கிச்சனுக்கு நான்கு வாரம் வரும். அதாவது இன்னொரு 200 மணி நேரம். ஆக மூன்று வருடத்தில் 800. அப்ரண்டிஸாக வாரம் 48 மணி நேரம் நின்றால் ஒரே வருடத்தில் 2,300 தாண்டும்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு அப்ரண்டிஸ்தான் மேல் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். 2,300 மணி நேரமும் நீங்கள் எந்த மேடையில், அதாவது கிச்சனின் எந்த வேலைப் பிரிவில், நிற்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. அதோடு, கை மட்டும் பழகினால் எங்கே இடிக்கும் என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

சென்னையில் நான் ஒரு கிச்சனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரே வாரத்தில் இரண்டு பையன்கள் சேர்ந்தார்கள். ஒருவன் ஊட்டியில் இரண்டு வருடம் கிச்சனில் வேலை பழகியவன். இன்னொருவன் டிகிரி முடித்தவன். முதல் நாள் இரண்டு பேரிடமும் பத்துப் பத்துக் கிலோ உரித்த வெங்காயத்தைக் கொடுத்து நீளவாக்கில் அரியச் சொன்னேன். ஊட்டிப் பையன் முக்கால் மணி நேரத்தில் முடித்து, பலகையைத் துடைத்து, அடுத்து என்ன என்று கேட்டான். டிகிரிப் பையனுக்கு இரண்டு மணி நேரம் ஆனது, அதுவும் ஒரு துண்டு தடிமன், ஒரு துண்டு மெலிசு. அப்படி அரிந்ததை வதக்கினால் மெல்லியது கருகும்போது தடித்தது பச்சையாக இருக்கும், குழம்பு கசக்கும். கல்லூரியில் அவன் ஒரு தடவைக்குக் கால் கிலோவுக்கு மேல் அரிந்ததே இல்லை.

மூன்றாம் நாள் நிலைமை மாறியது. ஊட்டிப் பையனை வடிசாதத்துக்கு நிறுத்தினேன். ஊட்டியில் செய்த அதே பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்து அரிசியை வடித்தான். சாதம் குழைந்து போனது. மறுநாள் பன் மாவை ஊட்டியில் வைப்பது போல அடுப்பு ஓரத்தில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டான். சென்னை வெயிலில் அது பொங்கி, புளித்து, தொட்டதும் அமுங்கிவிட்டது. பாவம், ஏன் என்றே அவனுக்குப் புரியவில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிற தண்ணீரே சூடு குறைவாக இருப்பதால் அரிசி வேக நேரம் கூடுதலாக ஆகும். உங்கள் வீட்டிலும் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வைத்தால் எவ்வளவு நேரம் முரண்டு பிடிக்கும் என்று தெரியும்தானே? குக்கரில் அழுத்தம் ஏறுவதால் சூடு நூறு டிகிரியைத் தாண்டுகிறது, அதனால்தான் மலையில் குக்கர் இல்லாமல் ஆகாது. மாவு பொங்குவதும் அப்படித்தான். குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும், வெயிலில் ஓடும். இதையெல்லாம் டிகிரிப் பையன் ஒரே மூச்சில் சொன்னான். அன்று பன் மாவைக் காப்பாற்றியதும் அவன்தான்: அடுத்த தடவை ஈஸ்ட்டைக் குறைத்து, குளிர்ந்த தண்ணீர் ஊற்றிப் பிசையச் சொன்னான்.

படிப்பு காரணத்தைத் தருகிறது, கிச்சன் வேகத்தைத் தருகிறது என்று இதை வைத்துச் சொல்லலாம். ஆனால் இரண்டையும் பிற்பாடு சேர்த்துக்கொள்வது ஒரே மாதிரி கஷ்டம் இல்லை. ஊட்டிப் பையனுக்கு ஒரு மாதம் தினமும் வேலை முடிந்து அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டான். டிகிரிப் பையனுக்குக் கத்தி பழக ஒன்பது மாதம் ஆனது. காரணத்தைப் புத்தகத்திலிருந்து எந்த வயதிலும் எடுத்துக்கொள்ளலாம். பத்து கிலோ வெங்காயத்தை மேடையில்தான் பழக முடியும். உங்களை முதலில் கிச்சனுக்குப் போகச் சொல்வது இதனால்தான்.

இனி அந்த ரிசார்ட்டுக்கு வருவோம். என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நானும் பிளஸ் டூ முடித்து மலையில் ஒரு ஹோட்டலில் "டிரெய்னிங்" என்று சேர்ந்தேன். எட்டு மாதம் காய்கறி மேடையிலும் ஊழியர் சாப்பாட்டு அறையிலும் நிறுத்தினார்கள். தந்தூர் அடுப்புப் பக்கமே விடவில்லை. ஆறாம் மாதத்திலிருந்து பணமும் ஒழுங்காக வரவில்லை. வெளியே வரும்போது, நான் அங்கே இருந்தேன் என்பதற்கு ஒரு தாள் கூட என்னிடம் இல்லை. அடுத்த ஹோட்டலில் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். எட்டு மாதம் என்பது ஏறக்குறைய 1,500 மணி நேரம். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது.

அதனால் இதைக் கவனியுங்கள். அப்ரண்டிஸ் என்ற வார்த்தைக்குச் சட்டத்தில் பொருள் இருக்கிறது. 1961-ஆம் வருடத்துத் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் முதலாளிக்கும் பழகுநருக்கும் ஒப்பந்தம் போட்டு, அதை apprenticeshipindia.gov.in தளத்தில் பதிய வேண்டும். பதிந்தால் ஒப்பந்த எண் வரும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும், நான்கு பேருக்குக் குறையாமல் உள்ள சிறிய இடங்கள் விரும்பினால் எடுக்கலாம். 2019-இல் திருத்திய விதி, பிளஸ் டூ முடித்தவருக்கு மாத உதவித்தொகை 7,000-க்குக் குறையக் கூடாது என்றது. அந்தத் தளத்திலேயே இப்போதைய குறைந்தபட்சத் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசு அந்த உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, ஏற்றுக்கொள்கிறது. முடிவில் தேர்வு வைத்து தேசியத் தொழில் பழகுநர் சான்றிதழ் தருவார்கள். ரிசார்ட் லெட்டர்பேடில் டைப் அடித்துத் தரும் அனுபவக் கடிதத்துக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். அந்தக் கடிதத்தை அடுத்த ஹோட்டல் போன் போட்டு விசாரிக்கும். இந்தச் சான்றிதழை எண்ணை வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம்.

சீருடைக்கு 5,000 கேட்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சட்டப்படி பழகுநருக்கு அவர்கள்தான் பணம் தர வேண்டும், அவரிடம் வாங்குவது முறையில்லை. அதற்காக உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். சில இடங்களில் பையன்கள் சீருடையோடு காணாமல் போவதால் பழக்கமாகக் கேட்பார்கள். "முதல் இரண்டு மாத உதவித்தொகையில் பிடித்துக்கொண்டு, முடிக்கும்போது திருப்பித் தருவீர்களா, அதை எழுதித் தருவீர்களா" என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் சரி. முகம் சுளித்தால் மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் இருப்பார்கள்.

அடுத்து, எந்த மாதம் எந்த மேடை என்று எழுதி வாங்குங்கள். உங்களுக்கு நான் விரும்புகிற வரிசை இது. முதல் இரண்டு மாதம் காய்கறி வெட்டு, சாலட், குளிர் பண்டங்கள். அடுத்த மூன்று மாதம் இந்தியன் கறி அடுப்பு, அங்கே கிரேவி அடிப்படைகளைக் கற்றுக்கொண்டால் பாதி மெனு கைக்கு வந்துவிடும். இரண்டு மாதம் டிபன் மேடை, மூன்று மாதம் பேக்கரி, மீதி கான்டினென்டல். தந்தூரையும் கேளுங்கள், பெண் பிள்ளைக்கு வேண்டாம் என்று தட்டிக்கழிப்பார்கள், விடாதீர்கள். பேக்கரிக்கு மூன்று மாதம் கேட்பதற்குக் காரணம் உண்டு. வர்க்கி சுட்ட மண் நம்முடையது, 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. நல்ல பேக்கரி கை எங்கே போனாலும் முதலில் வேலை கிடைக்கிற கை. நாளைக்கு ஊரோடு வந்து ஒரு சின்ன அடுப்பு போட்டாலும் அது சோறு போடும்.

மலையில் எந்த மாதம் சேர்கிறோம் என்பதும் பெரிய விஷயம். ஏப்ரல், மே சீசனில் சேர்ந்தால் யாரும் உங்களுக்கு எதுவும் சொல்லித் தர மாட்டார்கள், நேரமே இருக்காது. ஒரே மேடையில் நிறுத்தி ஓட வைப்பார்கள். ஜூன், ஜூலை மழையில் அறைகள் காலியாகக் கிடக்கும்போதுதான் மேடைக்குப் பொறுப்பான செஃப்புக்குப் பேச நேரம் இருக்கும், ஒரு சாஸை மூன்று தடவை கெடுத்தாலும் பொறுத்துக்கொள்வார். மழையில் கற்றுக்கொண்டு, செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனில் கை ஓட்டம் பிடித்து, அடுத்த மே மாதம் முழுச் சுமையில் நிற்க வேண்டும். ஆகவே நீங்கள் இப்போதே சேர்வது சரியான நேரம். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது: கூட்டம் இல்லாத மாதங்களில் "வீட்டுக்குப் போய்விட்டு அப்புறம் வா" என்று அனுப்பும் ரிசார்ட்டுகள் உண்டு. போன வருடம் ஜூலையில் கிச்சனில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அங்கே வேலை செய்கிறவரிடம் விசாரியுங்கள். மேனேஜரிடம் கேட்பதைவிட கேட் செக்யூரிட்டியிடமும் பாத்திரம் தேய்க்கும் அக்காவிடமும் கேட்டால் உண்மை வரும்.

பெண் என்பதால் இன்னும் இரண்டு விஷயம். பெண் ஊழியர்களுக்குத் தனி விடுதி எங்கே இருக்கிறது, இரவு ஷிப்ட் முடிந்து அங்கே எப்படிப் போகிறார்கள் என்பதை அம்மாவோடு நேரில் போய்ப் பாருங்கள். கோத்தகிரிக்குக் கடைசி பஸ்ஸை நம்பி டின்னர் ஷிப்ட் செய்ய முடியாது. அடுத்தது, பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013, பழகுநரையும் டிரெய்னியையும் ஊழியர் என்றே கணக்கில் எடுக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், அதன் உறுப்பினர் பெயர்கள் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். போகும்போது அந்தத் தாள் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்ரண்டிஸுக்கு ஓவர்டைம் கொடுப்பதற்கும் அரசின் பழகுநர் ஆலோசகரின் அனுமதி வேண்டும், "சீசன்தானே, ரெண்டு மணி நேரம் சேர்த்து நில்லு" என்பது தினசரி வழக்கமாகிவிடக் கூடாது.

உங்கள் மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். வெங்காயம் உரிப்பதிலேயே நின்றுவிடுவது டிகிரி இல்லாததால் வருவதில்லை. ஒரு வருடம் ஒழுங்காகப் பழகியவர் பத்தொன்பது வயதில் கமிஸ் த்ரீ ஆகிறார். டிகிரி முடித்தவர் இருபத்தொரு வயதில் அதே பலகைக்கு வருகிறார். அதற்குள் இவர் ஒரு படியாவது மேலே போயிருப்பார். கமிஸ் டூ, கமிஸ் ஒன், பிறகு ஒரு மேடைக்கே பொறுப்பான செஃப் டி பார்ட்டி என்று ஆறேழு வருடம் வரை யாரும் உங்களிடம் டிகிரி கேட்க மாட்டார்கள், கையைத்தான் பார்ப்பார்கள். சிக்கல் அதற்கு அடுத்த படியில் வரும். தலைமை செஃப்புக்கு அடுத்த இடமான சூ செஃப் ஆக வேண்டுமானால் ஒரு தட்டின் அடக்க விலையைக் கணக்குப் போட வேண்டும், வேண்டிய பொருட்களுக்கு ஸ்டோருக்கு இன்டென்ட் எழுத வேண்டும், உணவுப் பாதுகாப்பு ஆவணங்களைப் பராமரிக்க வேண்டும், மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் மெயில் அனுப்ப வேண்டும். அங்கேதான் நல்ல சமையல் தெரிந்த நிறையப் பேர் நின்றுபோகிறார்கள். பெரிய ஹோட்டல் குழுமங்கள் நேரடியாக எடுக்கும் மேனேஜ்மென்ட் டிரெய்னி வேலைகளும், கேட்டரிங் கல்லூரி ஆசிரியர் வேலையும் டிகிரி இல்லாமல் திறக்காது. வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்களிடமும் தாளைக் கேட்பார்கள்.

அடக்க விலை என்றதும் பயப்பட வேண்டாம், அப்ரண்டிஸ் வருடத்திலேயே பழகலாம். கேரட் சூப் போடும் நாளில், ஸ்டோரிலிருந்து வந்த கேரட்டை எடை போடுங்கள். தோல் சீவி, முனை நறுக்கிய பிறகு திரும்ப எடை போடுங்கள். ஒரு கிலோவுக்கு 850 கிராம் நின்றால், கிலோ 50 ரூபாய் என்று வாங்கிய கேரட் உண்மையில் கிட்டத்தட்ட 59 ரூபாய். சூப்புக்குப் போன வெண்ணெய், பால், வெங்காயம் எல்லாவற்றையும் இப்படியே எழுதி, எத்தனை கிண்ணம் வந்தது என்று வகுத்துவிடுங்கள். ஒரு நோட்டில் வாரம் ஒரு பண்டம் என்று எழுதினால் வருட முடிவில் ஐம்பது பண்டத்தின் கணக்கு உங்களிடம் இருக்கும். வேலை தேடிப் போகும் இடத்தில் அந்த நோட்டைக் காட்டுங்கள். நான் ஆள் எடுத்த காலத்தில் அப்படி ஒரு நோட்டோடு வந்தவரைத் திருப்பி அனுப்பியதே இல்லை.

இப்போது அந்த மூன்றாவது வழி. ரிசார்ட் ஒப்பந்தம் பதிய மறுத்தால், அல்லது வருடம் முடிந்து படிக்க வேண்டும் என்று தோன்றினால், தனியார் கல்லூரிக்குப் போவதற்கு முன் அரசு நிறுவனங்களைப் பாருங்கள். சென்னை தரமணியில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் ஐ.எச்.எம். என்ற ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனம் இருக்கிறது, 1963-இல் தொடங்கியது. திருச்சி துவாக்குடியில் மாநில நிறுவனம் இருக்கிறது. மூன்று வருட டிகிரிக்கு மத்திய அரசின் தேர்வு முகமையான என்.டி.ஏ. நடத்தும் என்.சி.எச்.எம். நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், இந்த வருடத்துத் தேர்வு போய்விட்டது. கிச்சனில் இருந்துகொண்டே அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். நான் உங்களுக்கு அதைவிட முன்னால் வைப்பது உணவுத் தயாரிப்பு டிப்ளமா. ஒன்றரை வருடம், அதில் கடைசி ஆறு மாதம் ஹோட்டல் பயிற்சி. முழுக்கவும் சமையல்தான், அறை வாடகையும் படுக்கை விரிப்பும் கிடையாது. தனியார் டிகிரியோடு ஒப்பிட்டால் செலவு ஒரு சிறு பங்குதான்.

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பிளஸ் டூ வரை படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்களுக்கு உண்டு, டிகிரியோ டிப்ளமாவோ ஐ.டி.ஐ.யோ படித்து முடிக்கும் வரை. அப்ரண்டிஸ் ஒப்பந்தம் இதில் வராது, அதனால் இந்த வருடம் அந்தப் பணத்தை எதிர்பார்க்க வேண்டாம். இதைப் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: தரமணி நிறுவனத்தில் படிக்கத் தாட்கோவே செலவை ஏற்கும் திட்டம் வைத்திருக்கிறது, மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் கேளுங்கள். நம் மலையில் இருளர், குறும்பர் பிள்ளைகள் பலருக்கு இது போய்ச் சேரவே இல்லை.

எனவே இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான். ரிசார்ட்டின் மனிதவளப் பிரிவுக்குப் போன் செய்து, "எந்தத் தொழில் பிரிவில் ஒப்பந்தம் பதிவீர்கள், உணவுத் தயாரிப்பா, கமிஸ் செஃப்பா" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதிகிறவர்கள் உடனே பதில் சொல்வார்கள், பதியாதவர்கள் "அதெல்லாம் வந்த பிறகு பார்த்துக்கலாம்" என்பார்கள். சந்தேகம் இருந்தால் நீலகிரி மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் அந்த ரிசார்ட் பதிவாகியிருக்கிறதா என்று விசாரிக்கலாம். சேர்ந்து ஒரு மாதத்துக்குள் ஒப்பந்த எண் கைக்கு வரவில்லை என்றாலோ, உதவித்தொகை உங்கள் வங்கிக் கணக்கில் வராமல் கையில் கொடுக்கப்பட்டாலோ, அதற்கு மேல் அங்கே இருக்க வேண்டாம். ஒரு மாதம் போனது போகட்டும்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது இரண்டு பொருள் மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள்: வழுக்காத அடிப்பாகமுள்ள நல்ல ஷூ ஒரு ஜோடி, எட்டு அங்குல செஃப் கத்தி ஒன்று. கிச்சன் கத்தி பத்துப் பேர் கை பட்டு மழுங்கிக் கிடக்கும், மழுங்கிய கத்திதான் விரலை வெட்டும். உங்கள் கத்தியை நீங்களே தீட்டி, பெயர் எழுதி, ஷிப்ட் முடிந்ததும் துடைத்துப் பூட்டி வையுங்கள். ஒப்பந்த எண் வந்ததும் எனக்கு எழுதுங்கள், முதல் மூன்று மாதத்துக்கு வாரா வாரம் எதைப் பழக வேண்டும் என்று தனியாக எழுதி அனுப்புகிறேன்.